110 கேவி பஸ்பாருக்கு ஹை இம்பிடன்ஸ் டிஃபரன்ஷியல்: மாற்றச் சொல்கிறார்கள், மாற்ற வேண்டுமா?

கயத்தாறு காற்று
வணக்கம். காற்றாலைகளுக்கான ஒரு 110/33 கேவி பூலிங் நிலையத்தில் இருக்கிறேன். 110 கேவி பக்கம் ஒற்றை பஸ். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், ஆறு லைன், ஆக எட்டு பே. பஸ்பாருக்கு இருப்பது பழைய ஹை இம்பிடன்ஸ் ரிலே, 150 வோல்ட்டில் செட் செய்திருக்கிறது. ஆலோசகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் அந்தக் காலத்து சமாச்சாரம், நியூமெரிக்கல் லோ இம்பிடன்ஸுக்கு மாறுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாற்றுவதற்கு முன் இருப்பது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிய வேண்டும்.

சிடி எல்லாம் 800/1, பிஎஸ் கிளாஸ். நீ பாயிண்ட் 600 வோல்ட், வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் 4 ஓம். ஃபால்ட் அளவு 20 கேஏ. தூரத்து பேயிலிருந்து கண்ட்ரோல் ரூம் 120 மீட்டர், 4 சதுர மிமீ செம்பு வயர். எட்டு சிடியையும் இணைத்து நடுவில் ஒரு ரிலே வைத்தால் போதாதா? அதற்கு எதற்கு ஹை இம்பிடன்ஸ்? 150 எங்கிருந்து வந்தது?

ஈஈஈ மூணாம் வருஷம்
நானும் இதைப் படித்திருக்கிறேன் சார். கம்பி அறுந்து காய்ந்த தரையில் விழுந்தால் கரண்ட் ரொம்பக் குறைவாக இருக்கும், சாதாரண ரிலே பார்க்காது. அதைப் பிடிக்கத்தான் ஹை இம்பிடன்ஸ் ரிலே. ஆனால் பஸ்பாரில் எப்படிக் கம்பி அறுந்து விழும் என்றுதான் புரியவில்லை.

எம்ஆர்டி பெரியவர்
தம்பி, நீ சொல்வது ஹை இம்பிடன்ஸ் ஃபால்ட். அது ஃபால்ட்டின் குணம், இங்கே பேசுவது ரிலே சர்க்யூட்டின் குணம். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. அதைத் தனி இழையில் கேள், நிறையப் பேச வேண்டிய விஷயம் அது.

கயத்தாறுக்கு வருகிறேன். எட்டு சிடியையும் சேர்த்து நடுவில் சாதாரண ஓவர்கரண்ட் ரிலே வைத்தால், பஸ்ஸுக்கு வெளியே ஒரு லைனில் ஃபால்ட் வரும் அன்று பஸ் மொத்தமும் விழும். ஏன் என்று பாருங்கள். ஏழு பே கொடுக்கிற கரண்ட் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்த ஒரு லைன் வழியாகத்தான் வெளியே போகிறது. ஏழு சிடி ஆளுக்குக் கொஞ்சம் சுமக்க, எட்டாவது சிடி மட்டும் மொத்த 20 கேஏயையும் சுமக்கிறது. முதல் சில சைக்கிளில் டிசி ஆஃப்செட்டும் சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு சிடி சாச்சுரேட் ஆகிவிடும், மற்ற ஏழும் ஒழுங்காக வேலை செய்யும். அப்போது கணக்கு இடிக்கும். ஏழு பேர் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், எடுத்துக்கொண்டு போக வேண்டியவன் மயங்கிக் கிடக்கிறான். மிச்சமெல்லாம் ரிலேக்குள் பாயும்.

பெரிய சிடி போட்டு சாச்சுரேஷனைத் தவிர்க்கலாம் என்று நினைப்போம். அது யார்டில் தூக்கி வைக்கிற அளவில் இருக்காது. ஹை இம்பிடன்ஸ்காரன் அந்தச் சண்டைக்கே போகவில்லை. சிடி சாச்சுரேட் ஆகட்டும், முழுசாகவே ஆகட்டும் என்று விட்டுவிட்டு அதற்கு மேல் கணக்குப் போட்டான். முழுசாக சாச்சுரேட் ஆன சிடி வெளியிலிருந்து பார்த்தால் என்ன? வெறும் செம்புச் சுருள். உங்கள் கணக்கில் 4 ஓம், அவ்வளவுதான். மற்ற ஏழு சிடியின் கரண்டுக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று அந்த 4 ஓமும் வயரும். இன்னொன்று சில ஆயிரம் ஓம் உள்ள ரிலே. ரிலேயை எட்டாத உயரத்தில் வைத்தால் கரண்ட் தானாக மயங்கிக் கிடப்பவன் வழியே போய்விடும். அப்போது ரிலேக்குக் குறுக்கே நிற்கிற வோல்டேஜ் எவ்வளவோ, அதற்கு மேல் செட்டிங் வைத்தால் தீர்ந்தது.

```
Vs > If × (Rct + 2 × RL)
```

20 கேஏயை 800 ஆல் வகுத்தால் 25 ஆம்பியர். வயரின் ரெசிஸ்டன்ஸைப் போட்டு நீங்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

கயத்தாறு காற்று
4 சதுர மிமீ வயர் கிலோமீட்டருக்கு 4.6 ஓம். போக வர 240 மீட்டர், 1.1 ஓம். 25 × 5.1 = 127.5 வோல்ட். அதற்கு மேல் 150. அட, இவ்வளவுதானா!

எம்ஆர்டி பெரியவர்
வழி சரி. ஆனால் 4.6 என்பது 20 டிகிரியில். கயத்தாறு சித்திரை வெயிலில் கேபிள் டிரெஞ்சுக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 75 டிகிரிக்கு எடுங்கள், 5.6 வரும். வயர் 1.34 ஓம் ஆகும், வோல்டேஜ் 133 தாண்டும். 150 இன்னும் நிற்கிறது, ஆனால் நீங்கள் நினைத்த இடைவெளி இல்லை. சிடியின் 4 ஓமும் 75 டிகிரிக்குத் திருத்தியதா என்று டெஸ்ட் ரிப்போர்ட்டில் பாருங்கள்.

இன்னொன்று. எட்டு சிடியின் வயரும் எந்த இடத்தில் ஒன்று சேர்கிறது? யார்டில் ஒரு பெட்டியிலா, கண்ட்ரோல் ரூம் பேனலிலா?

கயத்தாறு காற்று
யார்டில் நடுவே ஒரு மார்ஷலிங் பெட்டி. அங்கே சேர்ந்து பேனலுக்கு ஒரே கேபிள் போகிறது.

எம்ஆர்டி பெரியவர்
அப்படியானால் நீங்கள் 120 மீட்டர் எடுத்ததே தப்பு. சிடியிலிருந்து சேருமிடம் வரைதான் கணக்கு. வெளி ஃபால்ட்டில் 25 ஆம்பியர் ஓடுவது அந்தத் துண்டில் மட்டும். பெட்டியிலிருந்து பேனல் வரை ஓடுவது ரிலே குடிக்கிற சில மில்லி ஆம்பியர், அந்த வயரால் ஒன்றும் ஆகாது. தூரத்து பேயிலிருந்து பெட்டி 50 மீட்டர் என்றால் வயர் 0.56 ஓம், வோல்டேஜ் 114. வடிவமைத்தவர் யோசித்துத்தான் நடுவில் பெட்டி வைத்திருக்கிறார்.

தோஹா ராஜா
இங்கே 132 கேவி ஜிஐஎஸ்ஸில் இதே ஸ்கீம்தான் பல வருஷமாகப் பார்க்கிறேன். பெரியவர் ஒன்றை விட்டுவிட்டார். நீ பாயிண்ட் செட்டிங்கைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் வெளி ஃபால்ட்டில் சிடி சாச்சுரேட் ஆகாமல் பஸ் நிலையாக நிற்கும். உங்களுக்கு 300 போதும், 600 இருக்கிறது. அதனால்தான் உங்கள் பஸ் இத்தனை நாள் தப்பாக விழவில்லை.

எம்ஆர்டி பெரியவர்
பாதி சரி ராஜா. இரண்டு மடங்கு விதி சரி, காரணம் தப்பு. வெளி ஃபால்ட்டில் நிலைத்து நிற்பதற்கு நீ பாயிண்ட் தேவையே இல்லை. சிடி செத்துவிட்டது என்று வைத்துத்தானே கணக்கே போட்டோம்! இரண்டு மடங்கு கேட்பது உள் ஃபால்ட்டுக்கு. பஸ்ஸிலேயே ஃபால்ட் என்றால் கரண்டை எடுத்துக்கொண்டு வெளியே போகிற சிடி எதுவும் இல்லை. எல்லாம் உள்ளேயே தள்ளுகின்றன, போக ரிலேயை விட்டால் வழி கிடையாது. வோல்டேஜ் ஏறி நீ பாயிண்ட்டைத் தொட்டு சிடி தலையைத் தொங்கப் போடுவதற்குள் ரிலே துள்ளிவிட வேண்டும். செட்டிங் 150, சிடி 160லேயே மடங்கிவிடுகிறது என்றால் ரிலே தயங்கும். 300க்கு மேல் போக முடிந்தால் ஒன்றரை சைக்கிளுக்குள் வேலையை முடிக்கும்.

தோஹா ராஜா
ஒப்புக்கொள்கிறேன். பத்து வருஷமாகத் தப்பான காரணத்தோடு சரியான சிடி வாங்கியிருக்கிறேன் 😀

கயத்தாறு காற்று
இன்னொரு சந்தேகம். உள் ஃபால்ட்டில் எல்லா சிடியும் ரிலேக்குள் தள்ளினால் வோல்டேஜ் எங்கே போய் நிற்கும்? பேனலில் ரிலேக்குப் பின்னால் வடை மாதிரி வட்ட வட்டமாக அடுக்கி ஒரு சாமான் இருக்கிறது. அது இதற்குத்தானா?

எம்ஆர்டி பெரியவர்
அந்த வடைதான் மெட்ரோசில். அதைக் கழற்றி வைத்துவிட்டு உள் ஃபால்ட் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் ரிலே 150 வோல்ட்டில் 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள், 3750 ஓம். 25 ஆம்பியரை அதில் தள்ளினால் காகிதத்தில் 93,750 வோல்ட். சிடி அத்தனை தராது, மடங்கிவிடும். ஆனால் மடங்குவதற்கு முன் ஒவ்வொரு அரை சைக்கிளிலும் ஒரு கூர்முனை எழும். அதற்கான வழக்கமான சூத்திரம் இது.

```
Vp = 2 × √2 × √( Vk × (Vf − Vk) )
```

Vk 600, Vf 93,750 போட்டால் கிட்டத்தட்ட 21 கிலோவோல்ட் வருகிறது. உங்கள் செகண்டரி வயரிங் 2 கிலோவோல்ட் ஆர்எம்எஸ்ஸுக்குச் சோதித்தது, உச்சத்தில் 2.8. அதனால்தான் 3 கிலோவோல்ட் உச்சத்தைத் தாண்டினால் மெட்ரோசில் கட்டாயம் என்பது. 150 வோல்ட்டில் அது சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், ஆயிரங்களுக்குப் போனால் வாயைத் திறந்துவிடும்.

மெக்கர் போடுகிற அன்று இதைக் கழற்றுவார்கள், இல்லாவிட்டால் இன்சுலேஷன் குறைவாகக் காட்டும். சாயங்காலம் வண்டி காத்துக்கொண்டிருக்கும், திரும்ப மாட்டுவதற்கு மறந்துவிடுவார்கள். நான் போன இடத்திலெல்லாம் முதலில் பேனலுக்குப் பின்னால் போய் வடை இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

கண்ட்ரோல் ரூம் செல்வி
கணக்கெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா பஸ்ஸுக்கும் இது பொருந்தும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். நான் ஷிஃப்ட் பார்த்த ஒரு இரட்டை பஸ் யார்டில் இதே ஸ்கீம். ஒரு ஃபீடரை முதல் பஸ்ஸிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் அதன் சிடியையும் முதல் ஜோனிலிருந்து இரண்டாவது ஜோனுக்கு மாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஐசோலேட்டரின் ஆக்ஸிலரி கான்டாக்ட். மழை, தூசி, சிலந்திக் கூடு எல்லாம் பார்த்த கான்டாக்ட். பிளேடு சேர்ந்திருக்கும், கான்டாக்ட் சேர்ந்திருக்காது. அதற்குப் பயந்து, பஸ் மாற்றும் முன் பஸ்பார் புரொடெக்‌ஷனையே ஆஃப் செய்துவிட்டுத்தான் ஐசோலேட்டர் பக்கம் ஆளை அனுப்புவோம்.

எம்ஆர்டி பெரியவர்
அம்மா, நீங்கள் சொன்னதில் கடைசி வரிதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிற வரி. ஐசோலேட்டரைத் திருப்பும்போதுதான் இன்சுலேட்டர் ஒடியும், ஆர்க் இழுக்கும், கீழே ஆளும் நிற்பான். அந்த நிமிஷம் பார்த்துப் பாதுகாப்பை ஆஃப் செய்கிறோம்.

கண்ட்ரோல் ரூம் செல்வி
தெரியும் சார். ஆனால் மாற்றும்போது கான்டாக்ட் ஏமாற்றி இரண்டு பஸ்ஸும் விழுந்தால் யாரைக் கேட்பார்கள்? கண்ட்ரோல் ரூமில் இருப்பவளைத்தான். நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்தால் ஆஃப் செய்வீர்களா மாட்டீர்களா, அதைச் சொல்லுங்கள்.

எம்ஆர்டி பெரியவர்
பதில் சொல்லத் தைரியமில்லை. இவ்வளவு மட்டும் சொல்வேன். பே அடிக்கடி பஸ் மாறுகிற இரட்டை பஸ் என்றால் நானே நியூமெரிக்கல் லோ இம்பிடன்ஸ்தான் கேட்பேன். அதில் சிடி சர்க்யூட்டை வெட்டி ஒட்டுவதில்லை. ஐசோலேட்டர் நிலையை ரிலே படித்து உள்ளேயே கூட்டல் கழித்தல் செய்துகொள்ளும். கான்டாக்ட் தப்பினால் அங்கேயும் தலைவலிதான், ஆனால் சிடி ஓப்பன் ஆகாது. ஒற்றை பஸ்ஸுக்கும், ஒன்றரை பிரேக்கர் யார்டின் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் ஹை இம்பிடன்ஸ் பக்கம். அங்கே எந்த சிடி எந்த பஸ்ஸுக்கு என்பது கட்டும்போதே முடிவாகிவிடும், அதன் பிறகு மாறாது. மாறாத இடத்தில் இவ்வளவு எளிமையான ஸ்கீம் வேறில்லை.

வன்னி மின்
எல்லாம் வாசிச்சன். எங்கட கதையையும் கேளுங்கோ. நான் வெளிநாட்டில வேலை செய்த ஒரு ஆலையின்ர யார்டில நடந்தது. அங்கயும் 800/1, இதே மாதிரி ஸ்கீம். ஒரு ஃபீடரின்ர சிடி எண்ணெய் கசிஞ்சு மாத்தினவை. மாத்தி ஆறு கிழமைக்குப் பிறகு, ஃபால்ட் ஒண்டும் இல்லாத ஒரு பின்னேரம், அந்த ஃபீடருக்கு லோட் ஏத்தினவுடன பஸ் முழுக்க விழுந்தது. செக் ஜோனும் சேர்ந்து ஆம் எண்டு சொன்னதால ரிலேயை ஒருத்தரும் சந்தேகப்படேல்ல. பஸ்ஸில இன்சுலேட்டர் இன்சுலேட்டரா ஏறி இரவு முழுக்கத் தேடினம். ஒண்டும் கிடைக்கேல்ல.

கயத்தாறு காற்று
செக் ஜோன் தனி கோரில் இருந்துதானே வரும் அண்ணா? இரண்டும் ஒன்றாகத் தப்பு செய்யுமா?

வன்னி மின்
அதுதான் விசயம். புது சிடியை பி1 பி2 தலைகீழா வச்சிட்டினம். அப்ப எல்லா கோரும் தலைகீழ். மீட்டர் பின்பக்கம் ஓடினது, டிஸ்டன்ஸ் ரிலே லோட்டை எதிர்த்திசையில காட்டினது. அது கண்ணில பட்டவுடன அந்த ரெண்டு கோரின்ர எஸ்1 எஸ்2 வயரையும் மாத்திப் போட்டினம். பஸ்பார் கோர் ரெண்டையும் ஒருத்தரும் நினைக்கேல்ல. மெயின் ஜோனும் செக் ஜோனும் சேர்ந்தே பிழை.

கணக்கைப் பாருங்கோ. எங்கட ஸ்கீம் பிரைமரியில 140 ஆம்பியர் வந்தா வேலை செய்யும். சிடி தலைகீழ் எண்டா லோட்டின்ர ரெண்டு மடங்கு ரிலேக்குப் போகும். ஆறு கிழமையும் 30, 40 ஆம்பியர்தான் ஓடினது, 80ஐத் தாண்டேல்ல. அண்டைக்கு 70 ஆனது, முடிஞ்சுது.

எம்ஆர்டி பெரியவர்
சூப்பர்விஷன் ரிலே என்ன செய்துகொண்டிருந்தது? பஸ் வயரில் பத்துப் பதினைந்து வோல்ட் நின்றாலே மூன்று செகண்டில் அலாரம் அடித்து வயரை ஷார்ட் செய்திருக்க வேண்டுமே.

வன்னி மின்
அடிச்சது ஐயா. சிடி மாத்தின அண்டைக்கே அடிச்சது. பழைய ரிலே, பழுதாப் போச்சு எண்டு லிங்கைக் கழட்டி வச்சிட்டினம். லொக் புத்தகத்தில ஒரு வரி கூட எழுதி இருந்தது.

கயத்தாறு காற்று
அப்படியானால் என் ஸ்கீம் எத்தனை ஆம்பியரில் வேலை செய்யும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 150 என்பது வோல்டேஜ் ஆயிற்றே.

எம்ஆர்டி பெரியவர்
150 வோல்ட் நிற்க வேண்டுமானால் யார் யாருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று கூட்டுங்கள். ரிலேக்கு 40 மில்லி ஆம்பியர். எட்டு சிடியும் அந்த வோல்டேஜில் மேக்னடைசிங் கரண்ட் கேட்கும், ஆளுக்கு 12 என்றால் 96. மெட்ரோசிலுக்கு 14. மொத்தம் 150 மில்லி ஆம்பியர், 800 ஆல் பெருக்கினால் 120 ஆம்பியர். 20 கேஏ ஃபால்ட்டுக்கு இது தாராளம்.

ஆனால் இதுவே இன்னொரு பக்கம் கடிக்கும். உங்கள் ஒரு லைனில் 300 ஆம்பியர் போகும்போது அதன் சிடி வயர் டெர்மினலில் கழன்றால், அந்த 300ம் கணக்கில் காணாமல் போகும். 120ஐத் தாண்டிவிட்டது, பஸ் விழும். உங்களிடம் செக் ஜோன் உண்டா?

கயத்தாறு காற்று
இல்லை. ஒரே கோர்தான்.

தோஹா ராஜா
அப்படியென்றால் ரிலேக்குக் குறுக்கே ஒரு ஷன்ட் ரெசிஸ்டர் போட்டு 120ஐ 400க்கு ஏற்றுங்கள். வயர் கழன்றாலும் விழாது.

எம்ஆர்டி பெரியவர்
காற்றாலை நிலையம் என்பதை மறந்துவிடாதே ராஜா. லைன் பக்கம் ஒரு சோர்ஸ் மட்டும் இருக்கும்போது, ரெசிஸ்டன்ஸ் உள்ள எர்த் ஃபால்ட்டில் எவ்வளவு கரண்ட் வரும் என்று பார்க்காமல் 400 வைக்கக் கூடாது. குறைந்தபட்ச ஃபால்ட்டில் 30 சதவீதத்துக்குள் நிறுத்துவதுதான் என் வழக்கம். நீ வேறு மாதிரி செய்வாய், தெரியும்.

தோஹா ராஜா
செய்வேன். வயர் கழல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் 400க்குக் குறைந்த ஃபால்ட்டை இதுவரை பார்த்ததில்லை.

கயத்தாறு காற்று
இரண்டையும் எழுதி வைத்துக்கொள்கிறேன். ஆலோசகர் சொன்ன ஒரு காரணத்தை இங்கே சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த வருஷம் இரண்டு பே கூடுகிறது, அதற்கு வருவது 1200/1 சிடி. "ரேஷியோ வேறானால் ஹை இம்பிடன்ஸ் செத்தது" என்றார்.

எம்ஆர்டி பெரியவர்
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அவர் சொன்னது உண்மைதான், ரேஷியோ எல்லாம் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். நடுவில் ஆக்ஸிலரி சிடி போடலாம் என்பார்கள், பக்கத்தில் விடாதீர்கள். ஆனால் சிடி இன்னும் ஆர்டர் ஆகவில்லை என்றால் அந்த ஒரு கோரை மட்டும் 1200-800/1 என்று டேப்போடு கேளுங்கள். 800 டேப்பில் நீ பாயிண்ட் எவ்வளவு, ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும், ஏனென்றால் முழு வைண்டிங்கில் 600 தருகிற சிடி டேப்பில் 400தான் தரும். உங்களுக்கு 300 போதும், அதனால் பிழைத்தீர்கள். டேப்புக்கு வெளியே சும்மா கிடக்கிற முனையில் உள் ஃபால்ட்டின்போது ஒன்றரை மடங்கு வோல்டேஜ் நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னொரு வேலை, காசில்லாதது. நல்ல காற்று அடிக்கிற நேரம், எல்லா பேயும் லோடில் இருக்கும்போது, ரிலே டெர்மினலில் மீட்டரை வைத்து மூன்று ஃபேஸிலும் ஏசி வோல்டேஜ் பாருங்கள். வன்னி சொன்ன ஆறு வாரமும் அந்த பேனலில் எவ்வளவு வோல்ட் நின்றிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கயத்தாறு காற்று
பார்த்துவிட்டேன் சார். இன்று மத்தியானம், எட்டு பேயும் லோடில். ஆர் ஃபேஸ் 0.3 வோல்ட், ஒய் 0.4, பி 2.1. சூப்பர்விஷன் லிங்க் மாட்டித்தான் இருக்கிறது, அலாரம் இல்லை. வடையும் இருக்கிறது.

எம்ஆர்டி பெரியவர்
2.1க்கு அலாரம் வராது, செட்டிங்குக்குக் கீழே. ஆனால் இரண்டு ஃபேஸ் 0.4க்குள் இருக்க ஒன்று மட்டும் 2.1 என்றால் சும்மா விடக் கூடாது. மார்ஷலிங் பெட்டியில் பி ஃபேஸ் எட்டு வயரிலும் மில்லி ஆம்பியர் கிளாம்ப் போட்டு, ஒவ்வொன்றையும் அந்த பேயின் மீட்டர் கோர் காட்டுகிற கரண்டோடு ஒப்பிடுங்கள். எங்கே இடிக்கிறதோ அந்த சிடியில் டர்ன் ஷார்ட்டா, வயர் எங்காவது இரண்டாவது இடத்தில் எர்த் ஆகியிருக்கிறதா என்று ஷட்டவுன் எடுத்துப் பார்க்கலாம். எர்த் ஒரே ஒரு இடத்தில்தானே இருக்கிறது?

கயத்தாறு காற்று
பேனலில் ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு பச்சை வயர் எங்கோ போகிறது, இதுவரை அதைப் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஷட்டவுன் கேட்டிருக்கிறேன்.

வன்னி மின்
அந்தப் பச்சை வயரை முதல்ல பாருங்கோ.